அத்தியாயம் 5: சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையின் வரவு செலவுத் திட்டம்

இந்த அத்தியாயம் பாடசாலைப் பொருளாளருக்காக எழுதப்பட்டது. பிரித்தானியாவில், குறிப்பாக இங்கிலாந்தில், வாரநாளில் ஆங்கிலப் பள்ளியாக இயங்கும் கட்டடத்தைச் சனிக்கிழமை காலையில் வாடகைக்கு எடுத்து நடத்தும் தமிழ்ப் பாடசாலையை எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம். கீழே 'பாடசாலை' என்பது நம்முடையது. 'பள்ளி' என்பது கட்டடம் தருவது.

எடுத்துக்காட்டுப் பாடசாலையில் 62 பிள்ளைகள், 5 வகுப்புகள். வகுப்பு நேரம் காலை 10 மணி முதல் 12.30 வரை. வாடகை, புத்தக விலை போன்ற தொகைகள் கணக்கைச் செய்துகாட்ட வைத்தவை. அந்த இடத்தில் உங்கள் ஊர்த் தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள். சட்டம் சார்ந்த தொகைகளுக்கு ஆண்டைக் குறிப்பிட்டிருக்கிறோம்.

பல பாடசாலைகளில் கட்டணம் எப்படி முடிவாகிறது? போன ஆண்டு எவ்வளவு என்று பார்த்து, அதில் பத்துப் பவுண் கூட்டுவார்கள். அல்லது மொத்தச் செலவைப் பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். இரண்டும் பிழைக்கும். பாடசாலையின் பெருஞ்செலவு பிள்ளையின் எண்ணிக்கையோடு ஏறி இறங்குவதில்லை. வகுப்பறையின் எண்ணிக்கையோடும் சனிக்கிழமைகளின் எண்ணிக்கையோடும்தான் ஏறி இறங்குகிறது. எனவே கணக்கை அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

1. முதலில் நாட்காட்டி

பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் சனிக்கிழமைகளை எண்ணுங்கள். செப்டெம்பர் முதல் ஜூலை வரையான ஆங்கிலப் பள்ளி ஆண்டில் மூன்று தவணைகள் உண்டு. ஒவ்வொரு தவணையின் நடுவிலும் ஒரு வார விடுமுறை வரும். அந்த வாரத்தின் இரு முனைகளிலும் சனிக்கிழமைகள் இருப்பதால், ஒரு வார விடுமுறைக்கு நீங்கள் இரண்டு வகுப்புகளை இழக்கக்கூடும். மே மாதத்தில் வங்கி விடுமுறையை ஒட்டிய வார இறுதிகளில் குடும்பங்கள் வெளியூர் போய்விடும். இவற்றையெல்லாம் கழித்தால் இலையுதிர் தவணையில் 12, வசந்தத் தவணையில் 11, கோடைத் தவணையில் 10 என 33 சனிக்கிழமைகள் மிஞ்சும். நமது கணக்கு இந்த 33-இல் நிற்கிறது.

இந்த நாட்காட்டியை மே மாத முடிவுக்குள் பள்ளியின் வாடகைப் பொறுப்பாளரிடம் எழுத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். அப்போது ஒன்றைக் குறிப்பாகக் கேட்க வேண்டும். மே, ஜூன் மாதங்களில் ஜிசிஎஸ்இ தேர்வுக்காகப் பெரிய மண்டபத்தில் மேசைகளை வரிசையாகப் போட்டுவைத்திருப்பார்கள். சனிக்கிழமை என்றாலும் அவற்றை நகர்த்தவிட மாட்டார்கள். ஆண்டு விழாவை அந்த மண்டபத்தில் ஜூன் மாதம் வைக்க நினைத்திருந்தால், கடைசி நேரத்தில் வேறு மண்டபம் தேடிக் கூடுதல் பணம் கொடுக்க நேரும். விழாவை ஜூலைக்குத் தள்ளிவிட்டால் அந்தச் செலவு வராது.

2. வாடகை: கற்பிக்கும் நேரத்துக்கு அல்ல, கதவு திறந்திருக்கும் நேரத்துக்கு

வகுப்பு இரண்டரை மணி நேரம்தான். ஆனால் ஆசிரியர்கள் 9.45-க்கு உள்ளே வர வேண்டும்; கடைசிப் பிள்ளையைப் பெற்றோர் அழைத்துப்போக 12.45 ஆகும். ஆகவே வாடகை மூன்று மணி நேரத்துக்கு. இரண்டரை மணிக்குக் கணக்குப் போட்டுவிட்டு மூன்று மணிக்குப் பணம் கட்டுவதுதான் முதல் ஆண்டில் பொருளாளர்கள் அதிகம் விடும் பிழை.

ஒரு வகுப்பறைக்கு மணிக்கு 12 பவுண் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து அறைகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு 180 பவுண். இதோடு, சனிக்கிழமை வந்து கதவைத் திறந்து பூட்டும் கட்டடப் பராமரிப்பாளருக்கான கட்டணம் 25 பவுண். ஆக ஒரு சனிக்கிழமைக்கு 205 பவுண். 33 சனிக்கிழமைகளுக்கு 6,765 பவுண். தொடக்க நாள், பொங்கல், ஆண்டு நிறைவு என மூன்று நாட்களுக்கு மட்டும் மண்டபம் வேண்டும். மணிக்கு 40 பவுண் வீதம் மூன்று மணி, மூன்று நாள் என்றால் 360 பவுண். வாடகை மொத்தம் 7,125 பவுண்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். சொன்ன தொகையில் வாட் வரி சேர்ந்திருக்கிறதா? பராமரிப்பாளர் கட்டணம் உள்ளடக்கமா, தனியா? நேரம் தாண்டினால் கால் மணிக்குக் கணக்கா, முழு மணிக்குக் கணக்கா? நாம் ஒரு நாளை ரத்து செய்தால் எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும்?

மூன்றாவது கேள்வி சிறியதாகத் தெரியும். ஆனால் முழு மணிக்குக் கணக்கிடும் பள்ளியில், பெற்றோர் ஒருவர் பத்து நிமிடம் தாமதித்தால் ஐந்து அறைகளுக்கும் சேர்த்து 60 பவுண் கூடுதலாக எழுதிவிட முடியும். இதற்கு ஒரு வழி உண்டு. 12.30-க்கு எல்லாப் பிள்ளைகளையும் வாசலை ஒட்டிய ஒரே அறைக்குக் கொண்டுவந்து, மற்ற அறைகளை உடனே பராமரிப்பாளரிடம் ஒப்படைத்துவிடுங்கள். ஒப்படைத்த நேரத்தை ஒரு பதிவேட்டில் குறித்து அவரிடம் கையெழுத்தும் வாங்குங்கள். மாதக் கடைசியில் பட்டியல் வரும்போது அந்தப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இல்லாத நேரத்துக்குப் பணம் கேட்டிருந்தால் இதுதான் உங்கள் சான்று.

சில பள்ளிக் கட்டடங்கள் தனியார் முதலீட்டில் கட்டப்பட்டு, நீண்டகால ஒப்பந்தத்தில் ஒரு நிறுவனத்தின் பராமரிப்பில் இருக்கும். அங்கே தலைமையாசிரியர் இணங்கினாலும் வார இறுதி வாடகையை அவர் குறைக்க முடியாமல் போகலாம். பேரம் பேசுமுன் வாடகையை யார் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆளுநர் குழுவோ கல்வி அறக்கட்டளையோ தீர்மானிக்கும் பள்ளியானால், சமூக அமைப்புகளுக்கான குறைந்த வீதம் உண்டா என்று கடிதம் எழுதிக் கேட்கலாம்.

வாடகையைக் குறைக்க இன்னொரு யோசனையும் கூட்டங்களில் வரும்: தேவாலய மண்டபமோ சமூக மண்டபமோ எடுத்து, ஐந்து வகுப்பையும் ஒரே கூரையின் கீழ் வைப்பது. மணிக்கு 25 பவுண் என்றால் ஒரு நாளைக்கு 75 பவுண்தான். ஐந்து அறைகளின் 180 பவுணோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு 3,465 பவுண் மிச்சம். இந்த மிச்சத்தை ஏற்குமுன் ஒரு சனிக்கிழமை அந்த மண்டபத்தில் பாடம் நடத்திப் பாருங்கள். நாலைந்து வயதுப் பிள்ளைகள் ல, ள, ழ ஒலிகளைக் காதால்தான் பிரித்து அறிய வேண்டும். பக்கத்து மூலையில் இன்னொரு வகுப்பு உரத்து வாசிக்கும்போது அது நடக்காது. ஆசிரியரும் குரலை உயர்த்தி உயர்த்தி ஒரு தவணையில் களைத்துப்போவார். இரண்டு வகுப்புகள் மட்டும் உள்ள புதிய பாடசாலைக்கு இந்த ஏற்பாடு போதும். ஐந்து வகுப்புக்குப் போதாது.

3. ஆசிரியர்: இரண்டு வழிகள், நடுவழி இல்லை

வரவு செலவுத் திட்டத்தில் ஆகக் கவனமாக முடிவெடுக்க வேண்டிய வரி இது. நம் பாடசாலைகளில் வழக்கமாக நடப்பது இப்படி: ஆசிரியருக்குச் சம்பளம் என்று சொல்லாமல், சனிக்கிழமைக்கு 30 பவுண் என்று ஒரு மதிப்பூதியத்தை உறையில் வைத்துக் கொடுப்பார்கள். கொடுப்பவரின் மனத்தில் அது மரியாதை. ஆனால் பிரித்தானியச் சட்டம் அதை அப்படிப் பார்ப்பதில்லை.

அறக்கொடை அமைப்பில் ஒருவர் தன்னார்வலராக வேலை செய்தால் அவருக்குக் குறைந்தபட்சக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. அவர் கைப்பட்ட செலவை மட்டும் திருப்பிக் கொடுக்கலாம் என்பதே அந்த விலக்கின் அடிப்படை. செலவுக்குத் தொடர்பில்லாத நிலையான தொகையை வாராவாரம் கொடுக்கத் தொடங்கினால் அவர் தொழிலாளி என்று கருதப்படலாம். எந்தப் பெயரில் கொடுத்தாலும் நிலை அதுவே. தொழிலாளி என்றாகிவிட்டால் குறைந்தபட்சக் கூலி, விடுமுறைக் கூலி இரண்டும் அவருக்கு உரியவை. 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவருக்கான குறைந்தபட்சக் கூலி 2025 ஏப்ரலில் மணிக்கு 12.21 பவுண், 2026 ஏப்ரலில் 12.71 பவுண். பாடசாலையில் மூன்று மணி நேரம் இருப்பவருக்கு 30 பவுண் என்றால் மணிக்குப் பத்துப் பவுண். வீட்டில் பாடம் தயாரிக்கும் ஒரு மணியையும் சேர்த்தால் ஏழரைப் பவுண். ஆசிரியரோடு மனக்கசப்பு வந்து, அவர் பழைய ஆண்டுகளின் பாக்கியைக் கேட்டு வழக்குப் போட்டால் நிர்வாகக் குழுவுக்குப் பதில் இருக்காது.

ஆகவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

முதல் வழி, தன்னார்வ ஆசிரியர். பேருந்து, ரயில் கட்டணத்தைச் சீட்டுப் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள். சொந்தக் காரில் வந்தால், வரித்துறை ஏற்கும் வீதமான மைலுக்கு 45 பென்ஸ் கொடுங்கள். வகுப்புக்கென்று வாங்கிய பொருளுக்குப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நமது கணக்கில் ஓர் ஆசிரியருக்குச் சராசரியாக 8 பவுண் என்று வைத்திருக்கிறோம். ஐந்து பேருக்கு 33 நாளுக்கு 1,320 பவுண். இந்த 8 பவுண் திட்டமிடுவதற்கான சராசரி மட்டுமே. எல்லோருக்கும் ஆளுக்கு 8 பவுண் என்று கொடுத்தால் அதுவும் நிலையான தொகையாகி, பழைய சிக்கலுக்கே திரும்பிவிடும். நடந்து வருபவருக்குப் பயணச்செலவு பூச்சியம்தான்.

இரண்டாவது வழி, முறையான கூலி. பாடசாலையில் மூன்று மணி, தயாரிப்புக்கு ஒரு மணி, ஆக நான்கு மணி. மணிக்கு 13 பவுண் என்றால் ஆளுக்கு 52 பவுண். ஐந்து பேருக்கு 33 சனிக்கிழமைகளில் 8,580 பவுண். ஆண்டின் சில வாரங்கள் மட்டும் வேலை செய்பவருக்கு விடுமுறைக் கூலி 12.07 வீதம் சேரும். அது 1,036 பவுண். மொத்தம் 9,616 பவுண்.

இந்த வழியில் வரித்துறையில் பணிவழங்குநராகப் பதிய வேண்டியும் வரலாம். ஊழியர் எவருக்கும் 2025-26 நிதியாண்டில் வாரம் 125 பவுணுக்குக் குறைவாகக் கொடுத்தால் பதிய வேண்டாம் என்ற சலுகை உண்டு. ஆனால் அவர்களில் ஒருவருக்காவது வேறு வேலை இருந்தால் அந்தச் சலுகை போய்விடும். வாரநாளில் வேறு வேலைக்குப் போகும் ஆசிரியர் ஒருவர்கூட இல்லாத தமிழ்ப் பாடசாலை அரிது. ஆகவே பதிய வேண்டியிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேருக்குக் குறைவான ஊழியர் உள்ள அமைப்புகளுக்கு வரித்துறையே ஊதியக் கணக்கு மென்பொருளை இலவசமாகத் தருகிறது. நாம் கொடுக்கும் தொகை சிறியது என்பதால் தேசியக் காப்புறுதிச் சுமை பாடசாலைக்கு வராது. ஆனால் பணிவழங்குநர் பொறுப்புக் காப்பீடு சட்டப்படி கட்டாயம்.

இரண்டு வழிக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. நிர்வாகக் குழுவில் அறங்காவலராக இருப்பவர் அதே பாடசாலையில் சம்பளம் வாங்கும் ஆசிரியராக இருக்க, அமைப்பின் யாப்போ அறக்கொடை ஆணையமோ தெளிவாக அனுமதித்திருக்க வேண்டும். சம்பள வழிக்கு மாறும் ஆண்டில், ஆசிரியராக இருக்கும் குழு உறுப்பினர்கள் எந்த நாற்காலியில் இருக்கப்போகிறார்கள் என்பதைப் பொதுக்கூட்டத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

4. பாடப்பொருட்கள்

இங்கேதான் செலவு பிள்ளையின் எண்ணிக்கையைப் பின்தொடர்கிறது. பாடநூலும் பயிற்சிநூலும் சேர்ந்து ஒரு பிள்ளைக்கு 11 பவுண் என்று வைத்திருக்கிறோம். 62 பிள்ளைகளுக்கு மேல் ஆறு தொகுதிகள் கூடுதலாக, 68 தொகுதிகள் வாங்க வேண்டும், 748 பவுண். நடு ஆண்டில் சேரும் பிள்ளைக்கும் நூலைத் தொலைத்த பிள்ளைக்கும் அந்த ஆறு உதவும். ஒற்றை ஒற்றையாக வரவழைத்தால் அஞ்சல் கட்டணம் நூல் விலையை எட்டிவிடும். நூல்கள் சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ கப்பலில் வருவதானால் ஜூன் மாதமே கேட்டுவிடுங்கள். ஆகஸ்டில் கேட்ட நூல் முதல் தவணை பாதி போனபின் வந்து சேரும். அதுவரை எல்லாப் பாடத்தையும் ஒளிநகல் எடுக்க நேரும்.

ஒளிநகல் செலவைப் பலர் 'சில்லறை' என்று எழுதி விட்டுவிடுகிறார்கள். கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு நான்கு பக்கம், 62 பிள்ளைகள், 33 நாள் என்றால் 8,184 பக்கங்கள். பக்கத்துக்கு 5 பென்ஸ் என்றால் 409 பவுண். இது காப்பீட்டைவிடப் பெரிய தொகை. பயிற்சிநூலை ஒழுங்காகப் பயன்படுத்தும் வகுப்பில் இது பாதியாகக் குறையும். எந்த வகுப்பு எத்தனை பக்கம் எடுக்கிறது என்று ஒரு தவணை எழுதிவைத்தால், எந்த வகுப்பின் நூல் பிள்ளைகளுக்குப் பொருந்தவில்லை என்பதும் தெரிந்துவிடும். விற்பனையில் உள்ள பாடநூலை முழுதாக நகலெடுத்து விநியோகிப்பது பதிப்புரிமை மீறல். அதைச் செலவு குறைக்கும் வழியாகக் கருத வேண்டாம். தமிழ் இணையக் கல்விக்கழகம் போன்ற அமைப்புகள் இணையத்தில் இலவசமாகத் தரும் பாடங்களைத் துணைக்குப் பயன்படுத்தலாம்.

வெண்பலகைப் பேனா, எழுத்து அட்டை, வரவுப் பதிவேடு, உதிரிக் கொப்பிகள் என்று வகுப்புக்கு 30 பவுண் வீதம் 150 பவுண். பாடப்பொருட்கள் மொத்தம் 1,307 பவுண்.

5. கூட்டிப் பார்த்தல்

மீதமிருப்பது பாதுகாப்புச் செலவு. தன்னார்வலருக்கான டிபிஎஸ் பின்னணிச் சோதனைக்கு அரசு கட்டணம் வாங்குவதில்லை. விண்ணப்பத்தைக் கையாளும் அமைப்புக்கு ஆளுக்குப் பத்துப் பவுண் போகலாம். சம்பள ஆசிரியருக்கு விரிவான சோதனையின் அரசுக் கட்டணம் 2024 டிசம்பர் முதல் 49.50 பவுண். ஐந்து ஆசிரியரோடு மாற்று ஆசிரியர் ஒருவரையும் தன்னார்வலராகச் சேர்த்திருக்கிறோம். இருவருக்கு முதலுதவிப் பயிற்சி 150 பவுண். காப்பீடு முதல் வழியில் 220, இரண்டாவது வழியில் 300.

| செலவு (பவுண்) | தன்னார்வ வழி | சம்பள வழி |
|---|---|---|
| வாடகை | 7,125 | 7,125 |
| ஆசிரியர் | 1,320 | 9,616 |
| பாடப்பொருட்கள் | 1,307 | 1,307 |
| காப்பீடு, சோதனை, முதலுதவி | 430 | 758 |
| எதிர்பாராச் செலவு (5 வீதம்) | 509 | 940 |
| மொத்தம் | 10,691 | 19,746 |

இனி இதை எத்தனை பேரால் வகுப்பது? 62-ஆல் அல்ல. 62 பிள்ளைகள் 40 குடும்பங்களிலிருந்து வருகிறார்கள் என்று கொள்வோம். முதல் பிள்ளைகள் 40 பேருக்கு முழுக் கட்டணம். உடன்பிறந்த 22 பேருக்குக் கால்பங்கு தள்ளுபடி என்றால் அவர்கள் பதினாறரை முழுக் கட்டணத்துக்குச் சமம். ஆக 56.5. நீச்சல், கால்பந்து என்று நடு ஆண்டில் நின்றுவிடுபவர்களுக்கும், கஷ்டத்தில் இருக்கும் குடும்பத்துக்கு விட்டுக்கொடுப்பதற்குமாக மூன்றரை கழியுங்கள். மிஞ்சுவது 53 முழுக் கட்டணங்கள்.

தன்னார்வ வழியில் 10,691-ஐ 53-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 202 பவுண் வரும். மூன்று தவணைக்கும் சமமாகப் பிரிய 204 என்று வைத்தால் தவணைக்கு 68 பவுண். இதையே 62-ஆல் வகுத்து ஆண்டுக் கட்டணம் 174 என்று அறிவித்திருந்தால் வரவு 9,222 பவுண்தான் வரும்; கிட்டத்தட்ட 1,470 பவுண் துண்டு விழும். அந்தத் துண்டு மே மாதம்வரை கண்ணில் படாது. கோடைத் தவணை வாடகை கட்டும்போதுதான் தெரியும்.

சம்பள வழியில் 19,746-ஐ 53-ஆல் வகுத்தால் 373 பவுணுக்குச் சற்றுக் குறைவு. 375 என்று வைத்தால் தவணைக்கு 125. கட்டணம் இரட்டிப்பை நெருங்குகிறது. இந்த எண்ணைப் பெற்றோரிடம் மறைக்க வேண்டாம். 33 நாளில் எண்பத்திரண்டரை மணி நேரப் பாடம் நடக்கிறது. தன்னார்வ வழியில் மணிக்கு இரண்டரைப் பவுண். சம்பள வழியில் நான்கரைப் பவுண். பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும் என்று கேட்கும் பெற்றோருக்கு அதன் விலை என்ன என்பதும் தெரிய வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. நன்கொடைக்குப் பவுணுக்கு 25 பென்ஸ் சேர்த்து வரித்துறை தரும் கிஃப்ட் எய்ட் சலுகையைப் பாடசாலைக் கட்டணத்துக்குக் கேட்க முடியாது. கட்டணம் சேவைக்குக் கொடுக்கும் விலை, நன்கொடை அல்ல. பொங்கல் விழாவில் ஒருவர் மனமுவந்து தரும் 100 பவுணுக்குக் கேட்கலாம். கட்டண வரவையும் நன்கொடை வரவையும் தொடக்கத்திலிருந்தே தனித்தனி வரியில் எழுதிவாருங்கள்.

6. ஆறாவது வகுப்பு தொடங்கலாமா?

செப்டெம்பரில் ஏழு புதிய பிள்ளைகள் மழலையர் நிலைக்கு வந்து நிற்கிறார்கள். பிள்ளைகள் கூடினால் பணமும் கூடும் என்று குழுவில் சொல்வார்கள். கணக்குச் சொல்வது வேறு.

தன்னார்வ வழியில் புதிய வகுப்புக்கு அறை வாடகை 1,188 பவுண், ஆசிரியர் செலவு 264, பொருட்கள் 30, சோதனை 10. மொத்தம் 1,492 பவுண். ஒரு பிள்ளை கொண்டுவரும் வரவு 204 அல்ல. தள்ளுபடியும் இடைநிற்றலும் போகச் சராசரி 174. அதில் நூலுக்கும் நகலுக்கும் பதினேழரை போனால் மிஞ்சுவது சுமார் 157. 1,492-ஐ 157-ஆல் வகுத்தால் ஒன்பதரை. ஆக, பத்துப் பிள்ளைகள் இருந்தால்தான் அந்த வகுப்பு தன் செலவைத் தானே தாங்கும். சம்பள வழியில் இதே கணக்கைச் செய்தால் பதினொரு பிள்ளைகள் வேண்டும்.

ஏழு பேரோடு தொடங்கினால், மற்ற ஐந்து வகுப்பின் பெற்றோர் அந்த வகுப்புக்கு ஏறத்தாழ 400 பவுண் கொடுக்கிறார்கள் என்று பொருள். கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மழலையர் வகுப்பு இன்று தொடங்கினால்தான் ஐந்து ஆண்டுக்குப் பிறகு மேல் வகுப்பில் பிள்ளைகள் இருப்பார்கள். ஆனால் குழு அந்த 400 பவுணைத் தெரிந்தே ஒதுக்கி, எத்தனை ஆண்டுக்கு ஒதுக்குகிறோம் என்றும் கூட்டக் குறிப்பில் எழுத வேண்டும். மேல் நிலையில் ஐந்து, ஆறு பேராகச் சுருங்கிவிட்ட வகுப்புக்கும் இதே அளவுகோல்தான். பக்கத்து நிலைகள் இரண்டையும் ஓர் ஆசிரியரிடம் சேர்த்தால் ஓர் அறை வாடகை முழுதும் மிச்சமாகும்.

7. செப்டெம்பர் நெருக்கடி

ஆண்டுக் கணக்கு சமமாக இருந்தும் செப்டெம்பரில் வங்கியில் பணம் இல்லாமல் போகலாம். முதல் கட்டணம் வருமுன்னரே நூலுக்கு 748, காப்பீட்டுக்கு 220, முதலுதவிக்கு 150, சோதனைக்கு 60 எனச் செலவாகிவிடும். பள்ளி தவணை வாடகையை முன்கூட்டிக் கேட்டால், 12 சனிக்கிழமைகளுக்கும் ஒரு மண்டப நாளுக்கும் 2,580 பவுண் அதோடு சேரும். மொத்தம் 3,758 பவுண். பெற்றோரிடமிருந்து முதல் தவணைக் கட்டணம் முழுதாக வந்து சேர ஒக்டோபர் விடுமுறை ஆகிவிடும்.

இரண்டு ஏற்பாடுகள் இதைத் தீர்க்கும். ஜூன் மாதப் பதிவின்போதே பிள்ளைக்கு 25 பவுண் வாங்கி, முதல் தவணைக் கட்டணத்தில் கழித்துவிடுங்கள். 62 பேருக்கு 1,550 பவுண். வாடகை தவிர்ந்த மற்ற எல்லாவற்றையும் அது தாங்கும். இந்தத் தொகை திரும்பத் தரப்படாது என்று படிவத்தில் எழுதிவிட்டால், செப்டெம்பரில் உண்மையிலேயே வரப்போகும் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதும் ஜூனிலேயே தெரிந்துவிடும். வாடகைக்கு, மாத முடிவில் பட்டியல் அனுப்பும்படி பள்ளியிடம் கேளுங்கள். கேட்பவருக்குக் கொடுக்கும் பள்ளிகள் உண்டு. அது கிடைக்காவிட்டால் ஒரு தவணை வாடகை அளவு, நமது கணக்கில் 2,500 பவுண், சேமிப்பாக வைத்திருப்பதைப் பொதுக்கூட்டத்தின் தீர்மானமாக்குங்கள். ஏன் வைத்திருக்கிறோம் என்ற காரணம் எழுத்தில் இல்லாத சேமிப்பு, அடுத்த ஆண்டு விழாவின் ஒலிபெருக்கிச் செலவில் கரைந்துவிடும்.

ஆண்டு விழாவுக்குத் தனிக் கணக்கு வையுங்கள். விழாச் செலவை நுழைவுச்சீட்டும் நன்கொடையும்தான் தாங்க வேண்டும். தவணைக் கட்டணம் வகுப்பறைக்கு உரியது.

8. ஆண்டு முழுதும் பார்க்க வேண்டியவை

தவணை முடிந்த வாரத்தில் மூன்று எண்களை மட்டும் குழுவின் முன் வையுங்கள்: இதுவரை கட்டிய முழுக் கட்டணங்கள் எத்தனை, ஒரு சனிக்கிழமைக்கு உண்மையில் ஆன வாடகை எவ்வளவு, வகுப்புக்கு எத்தனை பிள்ளைகள். முதல் எண் 53-க்குக் கீழே 50 என்று வந்தால், தன்னார்வ வழியில் 600 பவுண் குறையும். எதிர்பாராச் செலவுக்கு வைத்த 509 பவுண் அதோடு தீர்ந்துவிடும். இரண்டாவது எண் 205-ஐத் தாண்டினால் நேரம் தாண்டுகிறது, அல்லது பட்டியலில் பிழை இருக்கிறது. மூன்றாவது எண் அடுத்த ஆண்டின் அறைகளைத் தீர்மானிக்கும்.

இங்கிலாந்திலும் வேல்சிலும் அறக்கொடை நோக்கமுள்ள அமைப்பின் ஆண்டு வரவு 5,000 பவுணைத் தாண்டினால் அறக்கொடை ஆணையத்தில் பதிவது கட்டாயம். நமது எடுத்துக்காட்டுப் பாடசாலை அந்த எல்லையை இருமடங்கு தாண்டியது. உங்களுடையது இன்னும் பதியாமல் இருந்தால் அடுத்த தவணைக்குள் அதை முடியுங்கள்.

திட்டத்தை ஜூன் மாதப் பெற்றோர் கூட்டத்தில் ஒரே தாளில், மேலே உள்ள அட்டவணையைப் போலக் கொடுங்கள். கட்டணம் ஏன் இவ்வளவு என்ற கேள்விக்கு அந்தத் தாளே பதில் சொல்லட்டும். அறையின் விலையும் ஆசிரியரின் நேரமும் நூலின் விலையும் தனித்தனியாகத் தெரியும் பெற்றோரிடம் தவணைக்கு 68 பவுண் கேட்பது கடினமல்ல.